மொத்த லாபம் எது? நிகர லாபம் எது?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த வகுப்பில் ஆற்றிய உரை)



போனஸ் பேச்சு வார்த்தை என்று ஆரம்பித்தால், முதலாளி தரப்பில் ஒரு காகிதத்தை மேஜை மேல் வைப்பார்கள். "பாருங்கள், இந்த வருஷம் லாபமே இல்லை" என்பார்கள். அந்தக் காகிதத்தின் பெயர் லாப நஷ்டக் கணக்கு. நம்மவர்கள் கடைசி வரியைப் பார்ப்பார்கள். அங்கே சின்னத் தொகை ஒன்று இருக்கும். பார்த்துவிட்டு ஒருவர் "பொய்க் கணக்கு" என்பார். இன்னொருவர் "உண்மையாகத்தான் இருக்குமோ" என்பார். இரண்டுமே படிக்காமல் சொல்லும் பேச்சு. கணக்கின் கடைசி வரி, எவ்வளவு மிஞ்சியது என்று மட்டும்தான் சொல்லும். பணம் எந்தப் படியில் இறங்கிப் போயிற்று என்பதை அது சொல்லாது. அதை அறிய வேண்டுமானால் நடுவில் ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இட்லிக் கடையில் தொடங்குவோம்

ஆலைக் கணக்குக்குப் போகுமுன், நம் ஊர்த் தெரு முனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் கணக்கை எடுத்துக் கொள்வோம். ஒரு நாளைக்கு 800 ரூபாய்க்கு விற்கிறார். அரிசி, உளுந்து, எண்ணெய், தேங்காய், விறகு எல்லாம் சேர்த்து 520 ரூபாய் ஆகிறது. 800-இல் 520 போனால் 280. இட்லியைச் செய்து விற்றதில் கிடைத்தது இது. இதற்குத்தான் மொத்த லாபம் என்று பெயர்.

இந்த 280-ம் அந்த அம்மாவின் முந்தானையில் முடிந்து வீட்டுக்குப் போகிறதா? இல்லை. கடை போட்ட இடத்துக்கு வாடகை 40 ரூபாய். சாமான் ஏற்றிவர ஆட்டோவுக்கு 60 ரூபாய். தண்டல்காரருக்கு வட்டி 100 ரூபாய். இந்த 200-ம் போக மிஞ்சுவது 80 ரூபாய். இது நிகர லாபம்.

இப்போது விகிதத்தைப் பார்ப்போம். விற்பனை நூறு ரூபாய் என்று வைத்தால், அதில் மொத்த லாபம் எவ்வளவு? 280-ஐ 800-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள், 35 வருகிறது. நிகர லாபம் எவ்வளவு? 80-ஐ அதே 800-ஆல் வகுத்துப் பெருக்கினால் 10. ஆக, நூறு ரூபாய்க்கு இட்லி விற்றால் செய்த வகையில் 35 ரூபாய் நிற்கிறது. எல்லாம் போகக் கையில் 10 ரூபாய் நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சந்தையில் வியாபாரம் செய்கிறவர்கள், "520 போட்டேன், 280 கிடைத்தது, நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் லாபம்" என்று பேசுவார்கள். அது முதலின் மேல் வைத்த கணக்கு. நாம் பேசும் விகிதம் விற்பனையின் மேல் வைக்கும் கணக்கு. இரண்டும் வேறு. மேஜையில் ஒருவர் ஒரு விகிதத்தைச் சொன்னால், "எதன் மேல் நூற்றுக்கு?" என்று முதலில் கேட்டுக் கொள்ள வேண்டும்.

பக்கத்துத் தெருவில் இன்னோர் அம்மா இருக்கிறார். அதே 800 ரூபாய் விற்பனை, அதே சாமான் செலவு, அதே வாடகை, அதே ஆட்டோ. ஆனால் அவருக்குத் தண்டல் கடன் இல்லை. அவர் கையில் 180 ரூபாய் மிஞ்சுகிறது. நூற்றுக்கு 22 ரூபாய் 50 காசு. இரண்டு பேரும் சுடும் இட்லி ஒன்றுதான். மொத்த லாபம் இரண்டு பேருக்கும் 35 தான். முதல் அம்மாவின் நிகர லாபம் குறைந்ததற்கு இட்லி காரணமல்ல, மாவு ஆட்டியது காரணமல்ல, கடன்தான் காரணம். மொத்த லாபத்தையும் நிகர லாபத்தையும் தனித்தனியே எழுதினால்தான் இது கண்ணில் படுகிறது. நிகர லாபத்தை மட்டும் பார்த்தால், "இந்த அம்மாவுக்குத் தொழில் தெரியவில்லை" என்று முடிவு கட்டிவிடுவோம்.

கவனித்திருப்பீர்கள், இன்னொன்றும் இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உழைத்ததற்கு அந்த அம்மா தமக்குக் கூலி எழுதவே இல்லை. அந்த 80 ரூபாய் உண்மையில் லாபமல்ல, கூலியிலும் ஒரு பகுதிதான். தன் நிலத்தில் தானே பாடுபடும் சிறு விவசாயியின் கணக்கும் இப்படித்தான். ஒரு கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது போலவே, என்ன எழுதாமல் விட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

நூற்பாலையின் கணக்கு

இனி ஆலைக்குப் போவோம். ஒரு நூற்பாலை என்று வைத்துக் கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, முதல் வருஷம் 100 கோடி ரூபாய்க்கு நூல் விற்றது என்று கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு கோடியும் நூறு ரூபாயில் ஒரு ரூபாய்.

முதல் வருஷம்:
நூல் விற்பனை – 100 கோடி
பஞ்சு – 64 கோடி
ஆலைத் தொழிலாளர் கூலி – 9 கோடி
மின்சாரம் – 10 கோடி
உதிரிபாகம், மூட்டை கட்டும் சாமான் – 3 கோடி
நூல் ஆக்கிய செலவு – 86 கோடி
மொத்த லாபம் – 14 கோடி

இங்கே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் புளோரூம் முதல் கோன் வைண்டிங் வரை, நூல் உண்டாவதற்கு ஆன செலவு. கோட்டுக்குக் கீழே இருப்பது வேறு:

ஆபீஸ் செலவு, டைரக்டர்கள் ஊதியம், விற்பனைக் கமிஷன் – 4 கோடி
வட்டி – 3 கோடி
தேய்மானம் – 3 கோடி
வரிக்கு முன் லாபம் – 4 கோடி
வருமான வரி – 1 கோடி
நிகர லாபம் – 3 கோடி

மொத்த லாபம் நூற்றுக்கு 14. நிகர லாபம் நூற்றுக்கு 3.

அடுத்த வருஷம் வருகிறது. நூல் விலையும் ஏறியது, உற்பத்தியும் கூடியது. 120 கோடிக்கு விற்பனை. தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வும் கிடைத்திருக்கிறது. ஆனால் வருஷக் கடைசியில் நிர்வாகம் சொல்கிறது: "பஞ்சு விலை ஏறிவிட்டது. கூலி மட்டும் 1 கோடி 20 லட்சம் கூடிவிட்டது. ஆகவே 3 கோடியாக இருந்த லாபம் 30 லட்சமாகப் போய்விட்டது."

இதில் ஒவ்வொரு தொகையும் உண்மை. ஆனால் "ஆகவே" என்ற சொல் உண்மையா? கணக்கைப் பார்ப்போம்.

இரண்டாம் வருஷம்:
நூல் விற்பனை – 120 கோடி
பஞ்சு – 78 கோடி
கூலி – 10 கோடி 20 லட்சம்
மின்சாரம் – 12 கோடி
உதிரிபாகம், மூட்டைச் சாமான் – 3 கோடி
நூல் ஆக்கிய செலவு – 103 கோடி 20 லட்சம்
மொத்த லாபம் – 16 கோடி 80 லட்சம்

16 கோடி 80 லட்சத்தை 120 கோடியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 14 வருகிறது. போன வருஷமும் 14, இந்த வருஷமும் 14!

பஞ்சு விலை ஏறியது பொய்யல்ல. நூறு ரூபாய் விற்பனையில் பஞ்சு 64 ரூபாயை எடுத்துக் கொண்டிருந்தது. இப்போது 65 ரூபாயை எடுக்கிறது. ஆனால் அந்த ஒரு ரூபாய் முதலாளியின் லாபத்திலிருந்து போகவில்லை. கூலி நூற்றுக்கு 9 ரூபாயாக இருந்தது 8 ரூபாய் 50 காசாக இறங்கியிருக்கிறது. உதிரிபாகம் 3 ரூபாயிலிருந்து 2 ரூபாய் 50 காசாக இறங்கியிருக்கிறது. மின்சாரம் பத்துக்குப் பத்தே. அதாவது பஞ்சின் விலை ஏற்றத்தில் பாதியைக் கூலிப் பங்கு தாங்கியது. மறுபாதியை உதிரிபாகத்தில் சிக்கனம் பிடித்தது தாங்கியது. கூலித் தொகை கூடியது, கூலிப் பங்கு குறைந்தது. தொகையையும் பங்கையும் பிரித்துப் பார்க்காவிட்டால் இது தெரியாது.

கூலி உயர்வைக் கொடுத்து, பஞ்சு விலையையும் கொடுத்து முடித்த பிறகும் மொத்த லாபம் 2 கோடி 80 லட்சம் கூடியிருக்கிறது. அப்படியானால் பணம் எங்கே போயிற்று? கோட்டுக்குக் கீழே போங்கள்:

ஆபீஸ், டைரக்டர்கள், கமிஷன் – 6 கோடி 60 லட்சம்
வட்டி – 5 கோடி 60 லட்சம்
தேய்மானம் – 4 கோடி 20 லட்சம்
வரிக்கு முன் லாபம் – 40 லட்சம்
வரி – 10 லட்சம்
நிகர லாபம் – 30 லட்சம்

கோட்டுக்குக் கீழே போன வருஷம் 10 கோடி செலவு. இந்த வருஷம் 16 கோடி 40 லட்சம். கூடுதல் 6 கோடி 40 லட்சம். மேலிருந்து கூடுதலாக வந்த 2 கோடி 80 லட்சத்தையும் அது விழுங்கி, பழைய லாபத்திலும் 3 கோடி 60 லட்சத்தை விழுங்கிவிட்டது. நிகர லாபம் நூற்றுக்கு 3 ரூபாயிலிருந்து 25 காசாக விழுந்த கதை இதுதான். ஸ்பின்னிங்கில் நிற்கும் தொழிலாளிக்கும் இந்த வீழ்ச்சிக்கும் சம்பந்தமில்லை.

கோட்டுக்குக் கீழே என்ன கேட்பது?

இதை வைத்துக் கொண்டு "எல்லாம் திருட்டு" என்று கூச்சலிடுவது சரியல்ல. அந்த மூன்று வரிகளுக்கும் நேர்மையான காரணமும் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வட்டி 2 கோடி 60 லட்சம் கூடியிருக்கிறது. கடன் எதற்காக வாங்கப்பட்டது? புது ரிங் பிரேம் வாங்கியிருந்தால் அது ஆலைக்குள்ளேயே நிற்கும். நம் கண்ணாலேயே பார்க்கலாம். வங்கியில் வாங்கிய கடனை முதலாளி குடும்பத்தின் வேறொரு கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்திருந்தால், வட்டிச் சுமை நம் ஆலைக்கு, பணம் வேறிடத்துக்கு. கணக்கோடு சேர்ந்து வரும் குறிப்புகளில், சம்பந்தப்பட்டவர்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல் என்று ஒரு பகுதி இருக்கும். டைரக்டர்கள், அவர்கள் உறவினர்கள், அவர்கள் கையில் உள்ள கம்பெனிகள் ஆகியோருக்குக் கொடுத்த கடனும், கமிஷனும், வாடகையும் அங்கே காட்டப்பட வேண்டும். கடைசி வரியை விட்டு இந்தப் பகுதியை முதலில் திறக்கப் பழகுங்கள்.

தேய்மானம் வேறு ஜாதிச் செலவு. யந்திரம் வாங்கியபோதே அதன் விலை கொடுத்தாயிற்று, அல்லது கடனாக நின்றாயிற்று. அந்த விலையைப் பல வருஷங்களுக்குப் பங்கிட்டு, இந்த வருஷத்தின் பங்கு என்று எழுதுவதுதான் தேய்மானம். இந்த வருஷம் அந்தப் பெயரில் யாருக்கும் பணம் போவதில்லை. "அப்படியானால் அது மறைத்து வைத்த லாபம்தானே?" என்று ஒரு தோழர் கேட்டார். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. யந்திரம் உண்மையாகவே தேய்கிறது. அதோடு, யந்திரக் கடனின் அசலைத் திருப்பிக் கட்டும் பணம் இந்தக் கணக்கில் எங்குமே வராது. வட்டி மட்டும்தான் வரும். அந்த அசலைக் கட்ட, தேய்மானமாக எழுதிய பணம்தான் பல ஆலைகளில் உதவுகிறது. ஆகவே நாம் கேட்க வேண்டியது, தேய்மானம் ஏன் இருக்கிறது என்பதல்ல. எந்த யந்திரத்துக்காகக் கூடியது? கணக்கிடும் முறையை இந்த வருஷம் மாற்றினீர்களா? குறைந்து வரும் மதிப்பின் மேல் எழுதும் முறையில் ஆரம்ப வருஷங்களில் தேய்மானம் அதிகமாக விழும். சரிசமமாகப் பங்கிடும் முறையில் ஒரே அளவாக விழும். முறை மாறியிருந்தால், ஆலை நடப்பில் ஒரு மாற்றமும் இல்லாமலே லாபம் மாறித் தெரியும்.

ஆபீஸ், கமிஷன் வகையில் 2 கோடி 60 லட்சம் கூடியிருக்கிறது. விற்பனை கூடினால் கமிஷனும் கூடும், அது நியாயம். ஆனால் விற்பனை நூற்றுக்கு இருபதுதான் கூடியது. இந்தச் செலவோ 4 கோடியிலிருந்து 6 கோடி 60 லட்சம், அதாவது நூற்றுக்கு 65 கூடிவிட்டது. எந்தக் கமிஷன் ஏஜெண்டு? அவர் யார்? டைரக்டர்கள் ஊதியம் எவ்வளவு? இவை மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்.

அச்சடித்த கணக்கில் இந்தக் கோடு இருக்காது

இனிதான் முக்கியமான சங்கதி. மேலே நாம் போட்ட கணக்கில் "மொத்த லாபம்" என்று ஒரு வரி இருந்தது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி கம்பெனிகள் வெளியிடும் லாப நஷ்டக் கணக்கில் அந்த வரி கிடையாது. அங்கே வருமானம், பிற வருமானம், உபயோகித்த மூலப்பொருள், சரக்கிருப்பில் ஏற்பட்ட மாறுதல், ஊழியர் செலவு, நிதிச் செலவு, தேய்மானம், பிற செலவுகள் என்று வரிசையாகப் போகும். ஆகவே கோட்டை நாமேதான் போட வேண்டும்.

போடும்போது இரண்டு சிக்கல் வரும். மின்சாரச் செலவு பெரும்பாலும் "பிற செலவுகள்" என்ற மூட்டைக்குள் கிடக்கும். அதற்கான குறிப்பைத் திறந்து, மின்சாரம், உதிரிபாகம், யந்திர ரிப்பேர் ஆகியவற்றை வெளியே எடுத்துக் கோட்டுக்கு மேலே வையுங்கள். சட்டம் பெயர் சொல்லிக் கேட்கும் சில இனங்கள் தவிர, மற்றச் செலவுகளில் விற்பனை வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் எது பெரிதோ அதைத் தாண்டும் செலவைத்தான் தனியாகக் காட்ட வேண்டும் என்பது விதி. நாம் சொன்ன 120 கோடி ஆலையில் அந்த எல்லை 1 கோடி 20 லட்சம். ஒரு கோடி ரூபாய்ச் செலவு ஒன்று "இதரம்" என்ற சொல்லுக்குள் சட்டப்படியே அடங்கிவிட முடியும். ஆகவே "இதரம்" என்ற வரி பெரிதாக இருந்தால் அதை விரித்துச் சொல்லும்படி கேளுங்கள்.

இரண்டாவது சிக்கல் கூலி. "ஊழியர் செலவு" என்ற ஒரே வரியில் சைடர் வேலை செய்யும் பெண்ணின் கூலியும், மானேஜரின் சம்பளமும், பல இடங்களில் டைரக்டர் ஊதியமும் சேர்ந்து கிடக்கும். இதை முழுதும் கோட்டுக்கு மேலே வைத்தால் மொத்த லாபம் குறைந்து தெரியும். முழுதும் கீழே வைத்தால் கூடித் தெரியும். நம் ஆலையின் 14-ஐ எடுத்துக் கொள்ளுங்கள். கூலி 9 ரூபாயைக் கீழே தள்ளினால் முதல் வருஷத்து மொத்த லாபம் 23 ஆகிவிடும். ஆலையில் எதுவும் மாறவில்லை. கோடு போட்ட இடம்தான் மாறியது. "எங்கள் மொத்த லாபம் 14, அவர்கள் ஆலையில் 23" என்று யாராவது சொன்னால் ஆச்சரியப்படுவதற்கு முன், கூலியை எங்கே வைத்தார்கள் என்று கேளுங்கள்.

கூலியைப் பிரிக்க வழியில்லையானால் எளிதான ஒரு முறை உண்டு. விற்பனையிலிருந்து பஞ்சை மட்டும் கழியுங்கள். முதல் வருஷம் 36, இரண்டாம் வருஷம் 35. இதைப் பஞ்சு போன மிச்சம் என்று வைத்துக் கொள்ளலாம். எந்த முறையானாலும் சரி, இரண்டு வருஷத்துக்கும் ஒரே முறை என்பதுதான் விதி.

பிற வருமானத்தை இந்த விகிதங்களில் சேர்க்காதீர்கள். ஆலை நிலத்தில் ஒரு துண்டை விற்றுக் கிடைத்த லாபமோ, வங்கியில் போட்ட பணத்துக்கு வந்த வட்டியோ நூல் நூற்றதால் வந்ததல்ல. அதைச் சேர்த்தால், நூற்பில் நஷ்டப்பட்ட ஆலையும் லாபக்கார ஆலையாகத் தெரியும்.

மேலே நடக்கும் கோளாறு

இதுவரை பணம் கோட்டுக்குக் கீழே இறங்கிய கதையைப் பார்த்தோம். கோட்டுக்கு மேலேயே கோளாறு நடந்தால் மொத்த லாப விகிதமே விழும். அதற்குப் பஞ்சு விலை, நூல் விலை வீழ்ச்சி, கழிவு அதிகமாவது போன்ற உண்மைக் காரணங்கள் உண்டு. கழிவு கூடியதா என்பதை மிக்சிங்கில் நிற்கும் தொழிலாளிக்குக் கணக்கு எழுதுகிறவரை விட நன்றாகத் தெரியும். ஆனால் காகிதத்தில் மட்டும் நடக்கும் காரணம் ஒன்றுண்டு. அது சரக்கிருப்பு.

உபயோகித்த பஞ்சு எவ்வளவு என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வருஷ ஆரம்பத்தில் கிடங்கில் இருந்த பஞ்சு 10 கோடி. வருஷத்தில் வாங்கியது 80 கோடி. மார்ச் 31 அன்று கிடங்கில் மிஞ்சியது 12 கோடி. 10-ம் 80-ம் 90. அதில் 12 போனால் 78. இதுதான் நம் கணக்கில் வந்த 78 கோடி. இப்போது கிடங்கில் மிஞ்சியதை 12 கோடி என்று எழுதாமல் 10 கோடி என்று எழுதினால் என்ன ஆகும்? உபயோகித்த பஞ்சு 80 கோடியாகிவிடும். மொத்த லாபம் 16 கோடி 80 லட்சத்திலிருந்து 14 கோடி 80 லட்சமாக இறங்கும். விகிதம் 14-லிருந்து 12 ரூபாய் 33 காசாக இறங்கும். ஒரு பொதிப் பஞ்சும் எங்கும் போகவில்லை. பேனா மட்டும்தான் நகர்ந்தது.

இதைக் கண்டுபிடிப்பது எப்படி? இந்த வருஷக் கடைசி இருப்புத்தான் அடுத்த வருஷ ஆரம்ப இருப்பு. இந்த வருஷம் 2 கோடி குறைத்து எழுதினால், அடுத்த வருஷத்து உபயோகம் 2 கோடி குறைந்து, லாபம் தானாகவே கூடித் தெரியும். அதனால்தான் ஒரு வருஷக் கணக்கை மட்டும் பார்க்கக் கூடாது. மூன்று வருஷத்தை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். கூலிப் பேச்சு வரும் வருஷத்தில் விகிதம் விழுந்து, மறு வருஷம் எழுந்து நின்றால், சரக்கிருப்புக் குறிப்பைத் திறந்து கேள்வி கேளுங்கள். சரக்கை வாங்கிய விலை, விற்றால் கிடைக்கக் கூடிய விலை, இரண்டில் குறைந்ததில்தான் எழுத வேண்டும் என்று விதி இருப்பதால், விலை விழுந்த வருஷத்தில் குறைத்து எழுதுவது முறையானதே. பஞ்சு விலை ஏறியதாகச் சொல்லும் வருஷத்தில், இருப்பின் எடையில் மாற்றமில்லாமல் மதிப்பு மட்டும் குறைந்திருந்தால் காரணம் கேட்டே ஆக வேண்டும்.

போனஸ் சட்டத்தில் வரும் மொத்த லாபம்

சொல் ஒன்று, பொருள் வேறு என்ற குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டத்திலும் மொத்த லாபம் என்ற சொல் வந்தது. அது நாம் கோடு போட்டுக் கண்டுபிடித்த மொத்த லாபம் அல்ல. அங்கே நிகர லாபத்திலிருந்து தொடங்கி, போனசுக்கும் தேய்மானத்துக்கும் வரிக்கும் ஒதுக்கிய தொகைகளைத் திருப்பிக் கூட்டி, பிறகு சட்டம் அனுமதித்த தேய்மானம், வரி, மூலதனத்துக்கான வருவாய் ஆகியவற்றைக் கழித்து உபரியைக் கண்டுபிடிக்கும் முறை இருந்தது. ஆகவே நாம் போட்ட 16 கோடி 80 லட்சத்தைக் காட்டி "இதில் போனஸ் கொடு" என்று கேட்டால், எதிரே இருக்கும் ஆடிட்டர் சிரிப்பார். நம் கோடு, காரணத்தைக் கண்டுபிடிக்கும் கருவி. போனஸ் கணக்கு வேறு அட்டவணை.

1965 சட்டத்தின் இடத்தில், 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. குறைந்தபட்சம் 8.33 சதவிகிதம், அதிகபட்சம் 20 சதவிகிதம் என்ற இரண்டு எல்லைகளும் அதிலும் அப்படியே இருக்கின்றன. புது நிறுவனங்களுக்கான விதிவிலக்குப் போக, உபரி இல்லாவிட்டாலும் குறைந்தபட்சத்தைக் கொடுத்தாக வேண்டும். ஆக நிகர லாபம் 30 லட்சமாக இறங்கியது என்பது குறைந்தபட்சப் போனசை மறுக்கக் காரணமாகாது. 8.33-க்கு மேல் எவ்வளவு என்ற பேச்சு வரும்போதுதான் இந்தக் கணக்குக்கு வேலை.

மேஜைக்குப் போகுமுன்

ஆலை கம்பெனியாகப் பதிவாகியிருந்தால், அதன் ஆண்டுக் கணக்கு கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலாகிறது; கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். தனி முதலாளி நடத்துவதோ, சாதாரணக் கூட்டு வியாபாரமோ ஆனால் அந்த வழி இல்லை. நிர்வாகத்திடமே கேட்டு வாங்க வேண்டும்.

மூன்று வருஷக் கணக்கையும் குறிப்புகளோடு எடுத்து வையுங்கள். ஒரு தாளில் மூன்று வருஷத்துக்கும் விற்பனையை நூறு என்று வைத்து, ஒவ்வொரு வரியும் அதில் எத்தனை ரூபாய் எடுத்துக் கொண்டது என்று எழுதுங்கள். பஞ்சு, கூலி, மின்சாரம், உதிரிபாகம் முடிந்ததும் கோடு போடுங்கள். பிறகு ஆபீஸ், வட்டி, தேய்மானம், வரி. கோட்டுக்கு மேலே விழுந்திருந்தால் பஞ்சு விலையையும் கழிவையும் சரக்கிருப்பையும் பற்றிக் கேளுங்கள். கோட்டுக்கு மேலே நிலையாக இருந்து கீழே விழுந்திருந்தால் கடனையும் கமிஷனையும் தேய்மான முறையையும் பற்றிக் கேளுங்கள்.

அடுத்த தடவை "கூலி கூடியதால் லாபம் போயிற்று" என்று எதிர்த்தரப்பு சொன்னால், குரலை உயர்த்த வேண்டியதில்லை. "மொத்த லாபம் போன வருஷம் நூற்றுக்குப் பதினாலு, இந்த வருஷமும் பதினாலு, கூலியைக் கொடுத்த பிறகு மிஞ்சியது இது, மீதி எங்கே போயிற்று?" என்று அந்தத் தாளை மேஜை மேல் வைத்தால் போதும். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அப்போது அவர்களிடம் போய்விடுகிறது.